பால்கனியில் காய்க்க வேண்டாம், நாற்றே போதும்

மாடித் தோட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் விற்பனை ஆசை வரும். நாலு பை கீரை ஒரே நாளில் தயாராகும், வீட்டில் மூன்று பேர், மிச்சத்தை என்ன செய்வது? பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால் "அடுத்த தடவை காசு வாங்கிக்கணும்" என்று அந்த அம்மா சொல்லுவார். அந்த ஒரு வார்த்தையில் கணக்கு தொடங்கிவிடும். இன்னும் இருபது பை வைத்தால், இன்னும் இரண்டு தொட்டி வைத்தால் என்று மனது ஓட ஆரம்பிக்கும். சென்னை மாதிரி ஊரில் அந்த ஓட்டம் பெரும்பாலும் தவறான பக்கம் போகிறது என்பது என் கட்சி. இடம் குறைவாக இருப்பவர் விற்க வேண்டியது கீரையோ காயோ இல்லை, நாற்று.

ஒரு சதுர மீட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சிறுகீரையோ முளைக்கீரையோ விதைத்தால் இருபத்தைந்து நாளில் பிடுங்கலாம். நன்றாக வந்தால் ஒரு கிலோ முதல் ஒன்றரை கிலோ வரை கிடைக்கும். கால் கிலோ கட்டாகக் கட்டினால் ஐந்து கட்டு. கட்டு 25 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 125 ரூபாய். விதை, உரம், தண்ணீர், தினமும் மாடி ஏறி இறங்கும் முழங்கால் எல்லாம் இதற்குள் அடக்கம்.

அதே ஒரு சதுர மீட்டரில் 98 குழி உள்ள நாற்றுத் தட்டுகளை ஆறு பரப்பலாம். புரோட்ரே என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். ஆறு தட்டில் 588 விதை ஊன்றி, பத்துக்கு எட்டு தேறினால் 470 நாற்று. தக்காளி நாற்றுக்கு அதே இருபத்தைந்து நாள்தான். நாற்று நாலு ரூபாய்க்குப் போனால் 1,880 ரூபாய். கீரைக் கணக்கைப் போல ஏறக்குறைய பதினைந்து மடங்கு. காகிதத்தில் வரும் இந்தத் தொகை அப்படியே கைக்கு வந்துவிடாது. எங்கே எவ்வளவு குறையும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பணத்தை விட்டாலும், நாற்றின் பக்கம் நிற்க இன்னொரு காரணம் எடை. மொட்டை மாடியில் தோட்டம் போடுகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை, தளம் ஒழுக ஆரம்பித்த பிறகுதான் கேட்கிறார்கள். கட்டடங்களின் மீது வரும் பாரத்துக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875. ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு அது சொல்லும் அளவு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஆள், தண்ணீர்க் குடம், துணி காயப்போடும் கூடை, பை எல்லாம் சேர்ந்துதான் அந்த 150. இப்போது 12 அங்குல அகலமும் உயரமும் உள்ள வளர்ப்புப் பை ஒன்றில் பத்து அங்குலத்துக்குச் செம்மண் நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் அது முப்பது கிலோவைத் தாண்டும். சதுர மீட்டருக்கு ஒன்பது பை நெருக்கி வைத்தால் 280, 290 கிலோ. அதாவது தளம் தாங்கக் கணக்கிட்டதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மண்ணுக்குப் பதில் தேங்காய் நார்க்கழிவும் தொழுவுரமும் கலந்து நிரப்பினால் பை பதினைந்து, பதினாறு கிலோவில் நிற்கும். அப்போதும் விளிம்பில்தான் இருக்கிறோம். அதனால்தான் பைகளைச் சுவரை ஒட்டியும் கீழே பீம் போகும் வரிசையிலும் வைத்து, நடுவில் நடைபாதை விடச் சொல்கிறார்கள்.

பால்கனி இன்னும் நுணுக்கமானது. விதிப்படி அதற்கு மாடியைவிடக் கூடுதல் பாரம் கணக்கிட்டிருப்பார்கள். ஆனால் முப்பது, நாற்பது வருடத்துக் கட்டடத்தில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகைக்குள் இருக்கும் கம்பி இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று விதி சொல்லாது. கீழ்வீட்டுக்காரர் அனுமதியோடு அவர் பால்கனியில் நின்று மேலே பாருங்கள். பூச்சு உப்பியிருந்தாலோ, செம்பழுப்புக் கறை கோடாக இறங்கியிருந்தாலோ, விரிசல் கம்பி போகும் திசையிலேயே ஓடியிருந்தாலோ அந்தப் பால்கனியில் பாரமாக எதையும் ஏற்ற வேண்டாம். முதலில் ஒரு பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

நாற்றுத் தட்டு நனைந்த நிலையில் இரண்டு, இரண்டரை கிலோதான். சதுர மீட்டருக்கு ஆறு வைத்தாலும் பதினைந்து கிலோ. ஒரு பையின் எடை. ஒரே ஆள் கையில் எடுத்துக்கொண்டு மழைக்கு உள்ளே, வெயிலுக்கு வெளியே என்று மாற்றலாம்.

இனி வெயில். பால்கனித் தோட்டம் பட்டுப்போவதற்கு முதல் காரணம் உரம் இல்லை, பூச்சி இல்லை, பால்கனி எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதுதான். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் வரை நடுப்பகல் சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்து போகும். அதன் பிறகு ஆகஸ்ட் நடு வரைக்கும் உச்சிக்குச் சற்று வடக்கே நகர்ந்துவிடும். அதனால் தெற்கு பார்த்த பால்கனிக்கு ஜூன், ஜூலையில் மேல்தளத்தின் நிழலைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. அதே பால்கனியில் டிசம்பரில் பகல் முழுக்க வெயில் உள்ளே வந்து விழும், ஏனென்றால் அப்போது சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்திருக்கிறது. வடக்கு பார்த்ததற்கு நேர் எதிர். கோடையில் காலையும் மாலையும் கொஞ்சம் வெயில், மார்கழியில் சுத்தமாக இல்லை. "போன தை மாசம் இங்கதான சார் மிளகா அப்படிக் காய்ச்சது, ஆடியில வெச்சா வரவே மாட்டேங்குது" என்று ஒருவர் புலம்பினால் அவருடைய பால்கனி தெற்கு பார்த்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

நாற்றுக்குக் கிழக்கு பார்த்த பால்கனியை விஞ்ச எதுவும் இல்லை. வருடம் முழுக்கக் காலை வெயில் மூன்று நாலு மணி நேரம் கிடைக்கும், சூடும் குறைவு. மேற்கு பார்த்ததில் பிற்பகல் வெயிலோடு சுவரின் காங்கையும் சேர்ந்து தட்டைக் காய வைக்கும். அங்கே ஐம்பது சதவீத நிழல்வலை ஒன்றைத் திரைச்சீலை போலத் தொங்கவிட வேண்டும். எந்தத் திசை என்றாலும் தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைத் தாளைத் தட்டு வைக்கப்போகும் இடத்தில் போட்டு, மணிக்கு ஒரு தடவை கையை ஒரு சாண் உயரத்தில் காட்டிப் பாருங்கள். விரல்களின் நிழல் ஓரம் வெட்டினாற்போல் விழுந்தால் அது நேர் வெயில். மங்கலாகக் கலைந்து விழுந்தால் வெறும் வெளிச்சம். நேர் வெயில் குறைந்தது மூன்று மணி நேரமாவது இல்லாத இடத்தில் நாற்று போட வேண்டாம். ஒல்லியாக நெட்டை நெட்டையாக வளர்ந்து ஒரு பக்கமாகச் சாயும். அதை வாங்கிக்கொண்டு போகிறவர் மறுபடி உங்கள் வீட்டு வாசலுக்கு வரமாட்டார்.

தட்டில் நிரப்புவது நார்க்கழிவு. கடையில் ஐந்து கிலோ கட்டியாகக் கிடைக்கும். தண்ணீரில் ஊறவிட்டால் அறுபது லிட்டருக்கு மேல் உப்பும், இருபது தட்டுக்கு வரும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. தென்னை மட்டையைக் கடலோரத்துக் காயலிலோ உப்புத் தண்ணீரிலோ ஊறப்போட்டு நார் எடுத்திருந்தால் கழிவில் உப்பு தங்கியிருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீரின் டி.டி.எஸ். பார்க்கும் பேனா மாதிரியான கருவி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊறிய கழிவை ஒரு கை அள்ளிப் பிழிந்து அந்தச் சாற்றை அளந்து பாருங்கள். ஊறப்போட்ட தண்ணீரைவிடப் பல நூறு கூடுதலாகக் காட்டினால் நல்ல தண்ணீர் மாற்றி மறுபடி அலசுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணுக்கு வரும் வரை, பெரும்பாலும் மூன்று அலசல், விடக் கூடாது. அலசாமல் போட்டால் முளைப்பு பாதியாகும். முளைத்ததும் இலை ஓரம் தீய்ந்தாற்போல் பழுக்கும்.

இங்கே தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடலோரப் பகுதிகளில் போர்வெல் தண்ணீரே உப்பு. அதைவிட மோசம் வீட்டு ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் தண்ணீர். வீணாகிறதே என்று அதைச் செடிக்கு ஊற்றுகிறவர்கள் நிறைய. கருவி குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. பாத்ரூம் கழுவப் பயன்படுத்துங்கள். பெரிய செடி சில வாரம் தாங்கும், நாற்று தாங்காது. தட்டின் மேல் வெள்ளையாகப் பொடி படிந்தால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். மழைத் தண்ணீர் கிடைத்தால் நாற்றுக்கு அதுவே முதல் தரம்.

அலசிய கழிவோடு வேப்பம் பிண்ணாக்கு ஐந்து கிலோ கட்டிக்கு எண்பது கிராம், அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் பதினைந்து கிராம் வீதம் கலந்தால் போதும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வடியக் கூடாது. அந்தப் பதத்தில் தட்டை நிரப்பி, விரல் நுனியால் ஒவ்வொரு குழியிலும் அரை சென்டிமீட்டர் பள்ளம் செய்து ஒரு விதை. இரண்டு போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும், போடாதீர்கள். பிறகு ஒன்றைக் கிள்ளும்போது மற்றதன் வேரும் ஆடும். ஒரு கிராம் தக்காளி விதையில் சுமார் முந்நூறு இருக்கும் என்பதால் மூன்று தட்டுக்கு ஒரு கிராம் போதும். மிளகாய் விதை கனம் கூடியது, அதே ஒரு கிராம் ஒன்றரைத் தட்டுக்கு வந்தால் பெரிது.

விதைத்த தட்டுகளை உடனே வெயிலில் பரப்பக் கூடாது. எட்டு பத்துத் தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு காலித் தட்டை வைத்து, பாலிதீன் தாளால் சுற்றி வீட்டுக்குள் நிழலில் வைத்துவிடுங்கள். உள்ளே ஈரமும் கதகதப்பும் நிற்கும், தண்ணீர் ஊற்றவே வேண்டாம். தக்காளி மூன்று நாலு நாளில் முளை கட்டும். கத்தரிக்கு ஐந்து, மிளகாய்க்கு ஆறு ஏழு. இந்த இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். முளை தலை காட்டிய அன்றே பிரித்துப் பரப்பியாக வேண்டும். ஊருக்குப் போய்விட்டு இரண்டு நாள் கழித்து வந்து பிரித்தால் உள்ளே வெளுத்த நூல் மாதிரி இரண்டு அங்குலம் நீண்டிருக்கும். அது பிறகு எவ்வளவு வெயிலில் வைத்தாலும் தண்டு தடிக்காது. அதனால் தக்காளியையும் மிளகாயையும் ஒரே அடுக்கில் கலக்கக் கூடாது. ஒன்று முளைத்துத் தள்ளும்போது மற்றது இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும்.

பரப்பிய பிறகு பூவாளியால் காலையில் ஒரு தடவை தண்ணீர். வெயில் காலத்தில் பிற்பகலிலும் ஒரு தடவை. மாலையில் ஊற்றாதீர்கள், இரவு முழுக்க ஈரம் நின்றால் நாற்றழுகல் வந்துவிடும். இது வந்தது எப்படித் தெரியும் என்றால், நேற்று வரை நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலை தட்டில் படுத்திருக்கும். இலை பச்சையாகவே இருக்கும். தண்டைக் குனிந்து பார்த்தால் மண்மட்டத்தில் மட்டும் நூலாக இளைத்துத் தண்ணீர் கோத்தாற்போல் இருக்கும். ஒரு மூலையில் நாலு குழியில் ஆரம்பித்து மறுநாள் நாற்பது குழிக்குப் போகும். விழுந்ததைக் காப்பாற்ற வழியில்லை. அந்தத் தட்டைத் தனியே எடுத்துவிட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரை நிறுத்தி, மின்விசிறிக் காற்று படுகிற இடத்தில் மற்றவற்றை வைத்தால் பரவுவது நிற்கும். விதைக்கும்போதே டிரைக்கோடெர்மா விரிடியை விதையில் புரட்டிவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறைகிறது. ஒரு முறை அழுகல் வந்த கழிவை அடுத்த போகத்துக்குப் பயன்படுத்தவே கூடாது, தட்டையும் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும்.

பதினெட்டாம் நாள் வாக்கில் நாற்று லேசாக வெளிறும். நார்க்கழிவில் சத்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை, விதையில் இருந்த சேமிப்பும் தீர்ந்திருக்கும். 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்துப் பூவாளியால் ஊற்றினால் மூன்று நாளில் நிறம் திரும்பும். ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் பஞ்சகவ்யாவை லிட்டருக்கு முப்பது மில்லி கலக்கலாம். மீன் அமிலமும் நன்றாக வேலை செய்யும், ஆனால் அப்பார்ட்மென்டில் அதைத் திறந்த பத்தாவது நிமிடம் அசோசியேஷன் செயலாளர் காலிங் பெல் அடிப்பார்.

இன்னொரு எதிரி வெள்ளை ஈ. அது சாறு உறிஞ்சுவதால் வரும் நஷ்டம் கொஞ்சம்தான். தக்காளிக்கு இலைச்சுருட்டு வைரஸைக் கொண்டு வந்து கொடுப்பதுதான் பெரிய நஷ்டம். கொடுமை என்னவென்றால், உங்களிடம் இருக்கும் வரை நாற்று பார்க்க நன்றாகவே இருக்கும். வாங்கிப் போனவர் வீட்டில் மூன்றாவது வாரம் இலை சுருண்டு, செடி குட்டையாக நின்று, பூ வந்தும் காய் பிடிக்காது. எனவே தட்டுகளின் மேல் நெருக்கமான நைலான் வலையைக் கூடாரம் மாதிரி போட வேண்டும். கொசுவலை துளை பெரியது, வெள்ளை ஈ சுலபமாக நுழையும். நாற்பது மெஷ் என்று கேட்டு வாங்க வேண்டும். மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றை உள்ளே தொங்கவிட்டால், அட்டையில் ஒட்டியிருப்பதைப் பார்த்து வலையில் எங்கோ இடைவெளி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பால்கனியிலேயே பழைய தக்காளிச் செடியோ செம்பருத்தியோ இருந்தால் அது வெள்ளை ஈக்கு வீடு. நாற்று விற்பது என்று முடிவு செய்தால் அவற்றுக்கு விடை கொடுத்துவிட வேண்டியதுதான்.

விற்கும் நாளுக்கு நாலைந்து நாள் முன்னால் தண்ணீரைக் குறைத்து, வலையை அகற்றாமல் வெயில் கூடுதலாகப் படும் இடத்துக்குத் தட்டை நகர்த்துங்கள். தண்டு கொஞ்சம் ஊதா ஓடி விறைப்பாகும். அடியிலிருந்து விரலால் தள்ளினால் வேர் கழிவைப் பின்னிப் பிடித்துக்கொண்டு அச்சு கலையாமல் முழுசாக வெளியே வர வேண்டும். உதிர்ந்தால் இன்னும் மூன்று நாள் பொறுக்க வேண்டும். வேர் பழுப்பேறிக் குழியைச் சுற்றிச் சுருண்டிருந்தால் நாள் கடந்துவிட்டது. அந்த நாற்று நட்ட இடத்தில் குட்டையிலேயே பூத்துவிடும். தக்காளிக்கு இருபத்தைந்து, கத்தரிக்கு முப்பது, மிளகாய்க்கு முப்பத்தைந்து நாள் என்பது கணக்கு. அதற்கு மேல் ஒரு வாரம் தாங்கும்.

நாற்றின் மிகப் பெரிய பலவீனம் இந்த ஒரு வாரம். கீரை விற்காவிட்டால் கூட்டு வைத்துச் சாப்பிடலாம். நானூறு தக்காளி நாற்றை என்ன செய்வது? அதனால் இந்த வியாபாரத்தில் விதைக்கும் தேதியை முடிவு செய்வது விற்கும் தேதிதான்.

சென்னையில் மாடித் தோட்டக்காரர்கள் நாற்றுக்கு அலைவது வருடத்தில் இரண்டு முறை. ஒன்று ஆடி. இன்னொன்று வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறக்கும் நேரம். ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3-ல் வரும். அதற்கு முந்தின வாரம் நாற்று கையில் இருக்க வேண்டும் என்றால் மிளகாயை ஜூன் 20 வாக்கில் விதைக்க வேண்டும். கத்தரியை ஜூன் 25, தக்காளியை ஜூலை 1. தைப் பொங்கலுக்கு என்றால் மிளகாய் டிசம்பர் முதல் வாரம், கத்தரி இரண்டாம் வாரம், தக்காளி மூன்றாம் வாரத் தொடக்கம். டிசம்பரில் மழையும் மேகமும் இருக்கும். மொட்டை மாடியில் தட்டு வைத்திருப்பவருக்கு அந்த மாதம் தூக்கம் போய்விடும். மேலே தளம் உள்ள பால்கனிக்காரருக்கு ஆதாயம். அதிலும் தெற்கு பார்த்திருந்தால் மேகம் விலகும் நேரமெல்லாம் வெயில் அவர் பக்கம்.

மார்ச்சில் தக்காளி நாற்று கேட்டு வருவார்கள். விற்றால் போகும். ஆனால் அது பூப்பது ஏப்ரல் கடைசியில். இரவுச் சூடு தணியாத அந்த நாட்களில் தக்காளிப் பூ பிஞ்சாகாமல் உதிரும். வாங்கினவர் உங்களைத்தான் திட்டுவார். கத்தரியும் மிளகாயும் கோடையை ஓரளவு தாங்கும் என்று சொல்லி அவற்றைக் கொடுப்பதே நல்லது. அதே மாதிரி எல்லாவற்றுக்கும் நாற்று கேட்பவர்கள் உண்டு.

"அக்கா, வெண்டை நாற்று பத்து வேணும்."

"வெண்டையைப் பிடுங்கி நட்டா வராதுப்பா. ஆணிவேர் உடைஞ்சிடும். விதை தரேன், நேரா பையில ஊனிடு. நாலாம் நாள் முளைச்சிடும்."

அவரை, கொத்தவரை, முள்ளங்கி, சிறுகீரை எல்லாம் இதே கட்சி. விதையை ஐந்து ரூபாய்ப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தால் நாற்றோடு சேர்ந்து போகும்.

இப்போது ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்றாவது மாடி, கிழக்கு பார்த்த பால்கனி, பத்தடிக்கு நாலடி. கம்பி ஓரமாக நீளவாட்டில் ஐந்து தட்டு வைக்கலாம். படிக்கட்டு மாதிரி இரண்டு படி ஸ்டாண்டு அடித்தால் பத்து. மூன்றாவது படி வைத்தால் கீழே நிழல் விழும், வேண்டாம். மிச்ச இடம் துணி காயப்போடவும் ஆள் நிற்கவும். பத்துத் தட்டில் நாலு தக்காளி, மூன்று கத்தரி, மூன்று மிளகாய். விதைத்தது 980, தேறுவது 780 என்று வைப்போம்.

தட்டு ஒன்று இருபத்தைந்து ரூபாய் என்றால் பத்துக்கு 250, பத்திரமாக எடுத்துக் கழுவி வைத்தால் நாலைந்து போகம் வரும். விதைக்கு முந்நூறு, நார்க்கழிவு பாதிக் கட்டிக்கு நூறு, உயிர் உரம், பிண்ணாக்கு, பழைய பேப்பர் எல்லாம் சேர்த்து நூறு. தட்டின் தேய்மானம் அறுபது. ஒரு போகத்துக்கு 560 ரூபாய் செலவு. ஸ்டாண்டும் வலையும் தனி, முதல் வருடம் இரண்டாயிரத்துக்குக் குறையாது. 780 நாற்றும் நாலு ரூபாய்க்கு விற்றால் 3,120. ஆனால் எல்லாம் விற்காது. முதல் போகத்தில் பாதி விற்றால் நல்ல வியாபாரம். அப்போது 1,560 வரவு, ஆயிரம் ரூபாய் மிச்சம். ஆடிக்கு இரண்டு, தைக்கு இரண்டு என்று வருடத்துக்கு நாலு போகம், அதில் வாடிக்கை சேர்ந்தபின் முக்கால் பங்கு விற்றால் ஒரு போகத்துக்கு 2,340 வரவு, 1,780 மிச்சம், வருடத்துக்கு ஏழாயிரம். இதை வைத்து வேலையை விட முடியாது. வேலையை விடலாம் என்று சொல்லி வீடியோ போடுகிறவர்கள் எதையோ விட்டுச் சொல்கிறார்கள்.

நாலு ரூபாய் என்ற விலை எப்படி நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். விவசாயிகளுக்கு நாற்று போட்டுக் கொடுக்கும் பண்ணைகளில் தக்காளி நாற்று அதில் ஒரு சிறு பங்கு விலைக்கே கிடைக்கும். ஆனால் அங்கே ஊருக்கு வெளியே போக வேண்டும், தட்டுக் கணக்கில்தான் கொடுப்பார்கள். பத்துப் பை வைத்திருக்கும் வீட்டுக்கு நூறு தக்காளி எதற்கு? அந்த வீட்டுக்கு வேண்டியது நாலு தக்காளி, மூன்று கத்தரி, மூன்று மிளகாய். ஈரப் பேப்பரில் சுற்றி, ரகத்தின் பெயரும் விதைத்த தேதியும் எழுதிய சீட்டோடு, பத்து நாற்றை நாற்பது ரூபாய்க்குத் தருகிறீர்கள். நடந்து வந்து வாங்கும் தூரத்தில் பத்து நாற்றாகக் கிடைப்பதற்குத்தான் அந்த விலை. தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித் தோட்டத் தொகுப்பிலும் ஆறு பை, ஆறு நார்க்கழிவுக் கட்டி, ஆறு விதைப் பொட்டலம், உயிர் உரம் எல்லாம் இருக்கும், நாற்று இருக்காது. வாங்கினவர்களில் பலர் முதல் இருபத்தைந்து நாளிலேயே தோற்றுப்போய்ப் பையை மடித்து வைக்கிறார்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் அவர்கள்தான்.

ரகத்தை முடிவு செய்வதில் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். வீரிய ஒட்டு விதை விலை கூட, காய்ப்பும் கூட. ஆனால் வீட்டில் வளர்ப்பவர் பெரும்பாலும் கடையில் கிடைக்காததைத்தான் கேட்கிறார். பெரியகுளம் பி.கே.எம். 1 தக்காளி, கோவில்பட்டி கே. 1 மிளகாய், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் இலவம்பாடி முள்ளுக்கத்தரி மாதிரி பெயர் சொன்னால் முகம் மலரும் ரகங்களாக இரண்டு மூன்று வைத்துக்கொண்டால் போதும். ஐந்து தக்காளி ரகம் போட்டு, எந்தத் தட்டில் எது என்று மறந்து, ஒரு ரகத்தின் பெயரைச் சொல்லி வேறொன்றைக் கொடுத்துவிட்டால் அது காய்த்த பிறகுதான் தெரியும். தெரிந்ததும் அந்த வாடிக்கையாளர் வளாகம் முழுக்கச் சொல்லி முடித்துவிடுவார். ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் மார்க்கரால் பெயர், தேதி எழுதாமல் விதையைத் தொடக் கூடாது.

ஏழாயிரத்தைப் பதினைந்தாயிரமாக்க ஒரு வழி உண்டு, அது தட்டைக் கூட்டுவது இல்லை. விற்காமல் மிஞ்சிய நாற்றில் நல்லதாக இருபதைக் கலவை நிரப்பிய பையில் நட்டு, ஒரு மாதம் வளர்த்து, பூ வைக்கும் நிலையில் பையோடு விற்பது. பை, கலவை, உழைப்பு சேர்த்து நூறு ரூபாய் ஆகும், இருநூற்றைம்பதுக்குப் போகும். ஆனால் இங்கே எடை திரும்ப வந்துவிடுகிறது. இருபது பை முந்நூறு கிலோ, பால்கனியில் முடியாது, மாடியில் இடம் கேட்க வேண்டும். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. விற்பனைக்கு என்று தெரிந்தால் அசோசியேஷன் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து நிற்பார். முதலிலேயே எழுதிக் கேட்டு, பைகளைத் தளத்தோடு ஒட்டாமல் செங்கல்லின் மேலோ ஸ்டாண்டிலோ வைத்து, வடியும் தண்ணீர் நேராக மழைநீர்க் குழாய்க்குப் போகும்படி காட்டினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பையின் கீழே பிளாஸ்டிக் தாள் விரிக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதன் அடியில் தேங்கும் ஈரம் காயவே காயாது, தட்டோடுகளின் இடுக்கில் வேர் இறங்கும், அடுத்த மழையில் மேல்மாடி வீட்டின் ஹாலில் ஒழுகும்.

இன்னொரு வழி கூலி. நாற்று வாங்கும் வீடுகளில் பத்தில் ஒன்றிரண்டு, "நீங்களே வந்து நட்டுக் கொடுத்துட்டுப் போங்களேன்" என்று கேட்கும். கலவை தயாரித்து, பை நிரப்பி, நட்டு, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வந்து பார்த்து, மாவுப்பூச்சியை வேப்பெண்ணெய்க் கரைசலால் கழுவி விடுவதற்கு மாதக் கூலி பேசலாம். இடமே இல்லாதவருக்கு இதில் வரும்படி நாற்றைவிட அதிகம், ஏனென்றால் அடுத்தவர் மாடிதான் உங்கள் நிலம். ஆனால் முதல் ஆடியிலேயே இதை ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பால்கனியில் இரண்டு போகம் நாற்று எடுத்து, அழுகலும் வெள்ளை ஈயும் ஒரு தடவையாவது கண்ணில் பட்ட பிறகு போனால்தான் அடுத்தவர் செடியைப் பார்த்ததும் என்ன வியாதி என்று சொல்ல முடியும்.